நெட் இருக்கிறது, பயர்பாக்ஸில் மட்டும் வரவில்லை

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருகிற ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணே, காலையிலிருந்து நெட் வரல." அவர் அதைச் சொன்னதே வாட்ஸ்அப் காலில், அதுவும் அதே கம்ப்யூட்டரில் இருந்து! அப்புறம் விசாரித்தால் குரோமும் ஓடுகிறது, பயர்பாக்ஸில் மட்டும் ஒரு பக்கம் கூடத் திறக்கவில்லை.

சரி, இப்படி இருந்தால் ரௌட்டரை அணைத்துப் போடுவதோ, நெட் கம்பெனிக்காரரைத் திட்டுவதோ வேண்டாம். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு அந்த ஒரு பிரௌசருக்குள்ளே. அங்கே சந்தேகப்பட மூன்று இடங்கள் உண்டு: பார்த்த பக்கங்களின் நகலைச் சேர்த்துவைக்கிற கேஷ், பிரௌசரோடு நாம் ஒட்டிவைக்கிற சின்னச் சின்ன நிரலான எக்ஸ்டென்ஷன், நமக்கும் நெட்டுக்கும் நடுவே நின்று பக்கத்தை வாங்கித் தருகிற ப்ராக்ஸி.

முதலில் நான் பிரைவேட் விண்டோ திறக்கச் சொன்னேன், Ctrl, Shift, P மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். அந்த விண்டோ பழைய கேஷையும் குக்கீயையும் தொடாது, நாம் தனியாக அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷனும் அங்கே ஓடாது. அங்கேயும் வரவில்லை. உண்மையில் கேஷ் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தளம்தான் கோணலாக வரும், எல்லாத் தளமும் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளாது, அதனால் இங்கே கேஷ் மேல் எனக்கு ஆரம்பத்திலேயே நம்பிக்கை இல்லை.

அடுத்து, மெனுவில் Help, அதற்குள் Troubleshoot Mode. எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் ஒரு தடவைக்கு நிறுத்திவிட்டு பிரௌசர் மறுபடி திறக்கும். இதில் பக்கம் வந்திருந்தால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்து எது என்று பிடித்திருக்கலாம். இதிலும் வரவில்லை. ஆனால் ஒன்று, கையால் போட்ட ப்ராக்ஸி அமைப்பை இந்த மோடு மாற்றாது, அது அப்படியே இருக்கும்.

அப்போதுதான் கேட்டேன், "தம்பி, திரையில் என்ன எழுதியிருக்கு, அப்படியே படி." எழுத்துக்கூட்டிப் படித்தார்: The proxy server is refusing connections. இதை முதலிலேயே கேட்காதது என் தப்பு. காலையிலிருந்து அது அவர் கண்முன்னேதான் இருந்திருக்கிறது, அவரும் பிழைப் பக்கம் என்றாலே மூடிவிடுகிற ஆள்.

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்ததா, உடனே பிழை வந்ததா என்றேன். கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடுகிறதாம். அப்படி உடனே மறுப்பு வந்தால், ப்ராக்ஸி என்று குறித்துவைத்த முகவரியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

Settings-இல் கீழே கடைசி வரை போனால் Network Settings என்று இருக்கும், அதைத் திறக்கச் சொன்னேன். Manual proxy configuration தேர்வாகியிருந்தது, முகவரி 127.0.0.1, போர்ட் 8080. அந்த 127.0.0.1 வேறெங்கும் இல்லை, அவருடைய அதே கம்ப்யூட்டர்தான்! எப்போதோ ஒரு டவுன்லோடை வேகப்படுத்துகிற சாஃப்ட்வேர் போட்டாராம், முந்தின நாள் ராத்திரி அதை நீக்கினாராம். அது போய்விட்டது, ஆனால் பயர்பாக்ஸுக்கு அது எழுதிவைத்த விலாசம் அப்படியே நின்றுவிட்டது.

குரோமுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றால், அதற்கென்று தனி ப்ராக்ஸி பக்கம் கிடையாது, விண்டோஸில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். பயர்பாக்ஸும் சும்மா விட்டால் விண்டோஸைத்தான் பார்க்கும், ஆனால் தனக்கென்று வேறு ஒன்றை வைத்துக்கொள்ளவும் முடியும். எனவே விண்டோஸ் ப்ராக்ஸி கெட்டால் தலைகீழாக நடக்கும்: குரோமும் எட்ஜும் சேர்ந்து விழும், No proxy போட்ட பயர்பாக்ஸ் மட்டும் ஓடும்.

Use system proxy settings என்று மாற்றி OK கொடுத்தார், பக்கம் வந்துவிட்டது. மாற்றியது மறுநாள் திரும்பவும் பழையபடி வந்தால் யாரோ அதை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அதே Network Settings பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் இதைக் கட்டுப்படுத்துகிறது என்று வரி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் முகவரிப் பட்டையில் about:policies என்று அடித்துப் பாருங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் அது நிர்வாகம் வைத்த பூட்டாக இருக்கலாம், அதில் கைவைக்காதீர்கள்.

என்னைக் கூப்பிடும் முன்னே அந்தத் தம்பி பயர்பாக்ஸை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார், அதனால் பயனில்லை, ஏனென்றால் நீக்கினாலும் அமைப்புகள் இருக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டர் கம்ப்யூட்டரிலேயே தங்கும். போதாக்குறைக்குக் குக்கீ எல்லாவற்றையும் துடைத்திருந்தார். ப்ராக்ஸியைச் சரிசெய்ய எங்களுக்கு ஆனது பத்து நிமிடம். அறுந்துபோன லாகின்களுக்காக அன்று மத்தியானம் முழுக்க ஓடிபி ஓடிபியாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார், பாவம்.