பிளஸ் டூ முடிவுக்கு முன்பே போட வேண்டிய மேசை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் கல்விப் பணி செய்ய முன்வரும் நண்பர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்பது உண்டு. அவர்களில் பலருடைய மனத்தில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கும். மே மாதத்தில் ஒரு மண்டபம், ஊக்கமூட்டிப் பேச ஒருவர், மதிய உணவு, முடிவில் ஒரு குழுப் புகைப்படம். நான் முன்வைக்க விரும்புவது செலவு குறைந்ததும் நீண்ட நாள் நடக்க வேண்டியதுமான வேறொரு திட்டம். ஒன்றிரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்துகொண்டு, முப்பது நாற்பது மாணவர்களுக்கு மேல் சேர்க்காமல், அவர்கள் பிளஸ் டூ படிக்கும் ஆண்டின் அரையாண்டு விடுமுறையில் ஒரு சான்றிதழ் மேசையைத் தொடங்குவது. அதே மாணவர்களைக் கல்லூரியின் முதல் பருவம் முடியும் வரை விடாமல் பின்தொடர்வது. திட்டம் இவ்வளவுதான்.

சான்றிதழுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறாத நிலையில், ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குத் தமிழ்நாடு அரசு 2010–11 முதல் கல்விக் கட்டணச் சலுகை வழங்கி வருகிறது. இந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உண்டு. அண்ணன் ஏற்கெனவே பெற்றிருந்தால் தங்கைக்குக் கிடையாது. விண்ணப்பம் இ-சேவை மையத்தின் வழியே போகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மூன்று நிலைகளைக் கடந்த பிறகே மின்னணுக் கையொப்பத்துடன் சான்றிதழ் வரும். மையத்தில் கட்டும் தொகை அறுபது ரூபாய்தான், செலவாவது நாட்கள். குடும்ப அட்டையோடு, வீட்டில் படித்தவர்களின் மாற்றுச் சான்றிதழ்களும் உறுதிமொழியும் கேட்கப்படும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட தந்தையின் மாற்றுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று பல வீடுகளில் தெரியாது. பழைய பள்ளியில் நகல் கேட்டு நடக்க வேண்டிவரும். இதையெல்லாம் தேர்வு முடிவுக்குப் பிறகு தொடங்கினால், மாவட்டத்தின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் வாசலில் நிற்கும் மாதத்தில் நம் பிள்ளையும் நிற்கும். டிசம்பரில் அந்த வாசலில் கூட்டம் இருக்காது. வருமானச் சான்றிதழுக்கு மட்டும் இந்த அவசரம் வேண்டாம். அது ஓராண்டுக்கே செல்லும் என்பதால் தேர்வு முடிந்த கையோடு எடுத்துக்கொள்வது நல்லது.

மேசையில் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை மிக எளியது. மாணவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கையும் வரிசையாக வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக, தலைப்பெழுத்து உட்பட, ஒருவர் வாசிக்க மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். மற்றொன்றில் தந்தையின் முழுப் பெயரே பின்னால் ஒட்டியிருக்கும். இன்னொன்றில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். வேறுபாடு இருந்தால், மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் மாற்ற முடியும் என்பதால், அவசரத்தில் தவறான வடிவத்துக்கு மாற்றி ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது.

அதே நாளில் ஆதாரோடு இணைந்திருக்கும் கைபேசி எண் யாருடையது என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வேலைக்காகத் திருப்பூரிலோ கேரளத்திலோ இருக்கும் தந்தையின் எண்ணாக அது இருந்துவிட்டால், ஒருமுறைக் கடவுச்சொல் அங்கே போய்ச் சேரும். அவர் வேலையிடத்தில் கைபேசியை எடுப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். இதில் தன்னார்வலர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியமே பின்னால் பெரிய இடராகிறது. “என் நம்பரையே போட்டுக்கொள்ளுங்கள்” என்று தம் எண்ணையும் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் கொடுத்துவிடுகிறார்கள். கலந்தாய்வில் இடம் ஒதுக்கப்பட்ட தகவல் வரும் நாளில் அந்தத் தன்னார்வலர் சென்னையில் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். ஒதுக்கீட்டைக் குறித்த கெடுவுக்குள் உறுதிசெய்யாவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். எனவே எண்ணும் மின்னஞ்சலும் மாணவருடையதாகவே இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மாணவர் தம் நோட்டில் தம் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். மேசையை நடத்துபவர்கள் வைத்துக்கொள்ள வேண்டியது யாருக்கு எந்தத் தாள் வந்தது, எது வரவில்லை என்று காட்டும் பதிவேடு ஒன்றுதான். ஆதார் நகல்களைக் குவித்து வைக்கத் தேவையில்லை.

இனி ஒரு மாணவியின் நிலையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பண்ருட்டிப் பக்கத்து ஊர். தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். மாணவி பொதுத் தேர்வில் கணிதத்தில் 78, இயற்பியலில் 84, வேதியியலில் 80 மதிப்பெண் பெறுவார் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணித மதிப்பெண் முழுதாகவும், மற்ற இரண்டும் பாதியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே 78, 42, 40 சேர்ந்து இருநூறுக்கு 160. அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் கட்டணமே இல்லாமல் சேரலாம் என்று வீட்டில் நம்பியிருக்கிறார்கள். மேசையில் பள்ளிச் சான்றுகளைப் புரட்டும்போது, ஆறாம் ஏழாம் வகுப்புகளை அவர் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருப்பது தெரியவருகிறது. அந்த உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளால் அது போய்விட்டது. இது ஜூலையில் தெரிந்திருந்தால் அந்த வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரிலேயே தெரிந்ததால், முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்கி வைக்க நேரம் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டிருப்பதால், அதற்கான தகுதியையும் கல்லூரியில் சேர்ந்ததும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது இடைத்தரகர் வருகிறார். தேர்வு முடிவு வந்த வாரத்தில் இவர்கள் ஊருக்குள் வருவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. “இலவச சீட் இருக்கிறது, முதல் பட்டதாரி என்றால் ஃபீஸே இல்லை, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்கள், முன்பணம் ஐயாயிரம் போதும்” என்பார். அவர் சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடமாக இருந்தால், முதல் பட்டதாரிச் சலுகை அங்கே செல்லவே செல்லாது. அந்தச் சலுகை கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்கு மட்டும் உரியது. கலந்தாய்விலேயே இடம் கிடைத்தாலும் அது கல்விக் கட்டணத்தை மட்டுமே தொடுகிறது; விடுதி, உணவு, கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் குடும்பத்தின் தலையில்தான். ஆகவே மேசையில் உட்காரும் தன்னார்வலர் ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்காண்டுச் செலவை ஒரே தாளில் எழுதிக் காட்ட வேண்டும். கட்டணமில்லாத இடம் என்று சொல்லப்பட்ட ஒன்று, விடுதியும் பேருந்தும் சேர்ந்தபின் அரசுக் கல்லூரி இடத்தைவிடப் பன்மடங்கு செலவு பிடிப்பதாக முடிவது அபூர்வமில்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருப்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வைப்பது நல்லது. கொடுத்த பிறகு விதியைக் காட்டி மீட்பதைவிட, கொடுக்காமல் இருப்பது எளிது.

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் போகிறவர், எந்த ஊர் எந்த ஆட்சிக்கு உட்பட்டது என்று பல நேரங்களில் கவனிப்பதில்லை. அத்தை வீடு பாகூரில் இருக்கும், படிப்பு கடலூரில் இருக்கும். கல்லூரிச் சேர்க்கையில் அந்த எல்லை கறாரானது. புதுச்சேரியில் சேர்க்கை சென்டாக் என்ற அரசுச் சேர்க்கைக் குழு வழியாக நடக்கிறது. அங்கே வசிப்பிடச் சான்றிதழே முதல் கேள்வி. தமிழ்நாட்டுக் கலந்தாய்வைச் சார்ந்த முதல் பட்டதாரிச் சலுகையை அங்குள்ள கல்லூரிக்கு எடுத்துச் செல்ல முடியாது. எந்தப் பக்கத்து ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவோ அந்தப் பக்கத்தையே முதன்மையாக நம்பலாம்.

பொறியியல் வேண்டாம் என்போருக்கும் மேசை உதவ வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பக் கட்டணம் மிகச் சிறிது. தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசு கலைக் கல்லூரியும் விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் நம் மாவட்டத்திலேயே இருக்க, ஒரே கல்லூரியில் ஒரே பாடத்தை மட்டும் தேர்வு செய்துவிட்டுக் காத்திருப்பது வீண் ஆபத்து. வேலை வழிகாட்டலை மேடைப் பேச்சாக நடத்தாமல், அதே ஊர்களிலிருந்து போய் மூன்றாம் ஆண்டு படிப்பவர்களை மேசைக்கு அழைத்து வந்து உட்கார வைக்கலாம். எத்தனை மணிப் பேருந்து, எந்தப் பாடம் கடினம், சீனியர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். பட்டம் முடித்தவர்கள் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் பதிவு செய்து, உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி பெறலாம் என்பதையும், பக்கத்திலேயே இருக்கும் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் பழகுநர்களை எடுக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லலாம். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனத்தில் வேலை உறுதி என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

சேர்க்கை முடிந்ததும் பெரும்பாலான அமைப்புகள் கணக்கை மூடிவிடுகின்றன. உதவித்தொகையில் தடங்கல் தெரியவருவது அதற்குப் பிறகுதான். பணம் வராததற்கு அடிக்கடி காணப்படும் காரணம், வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தும், அரசுப் பணம் நேரடியாக வரும் கணக்காக அது இணைக்கப்படாமல் இருப்பது. அல்லது எப்போதோ திறந்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கோடு அந்த இணைப்பு இருப்பது. பணம் அந்தப் பழைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். மாணவி வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். எந்த வங்கியோடு இணைப்பு இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஆகவே பதிவேட்டில் கடைசிப் பத்தியாக ‘முதல் தவணை வந்ததா’ என்று ஒரு கட்டம் போட்டு, நவம்பரில் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். வரவில்லை என்றால் முதலில் இந்த இணைப்பைப் பார்க்கவும். அது சரியாக இருந்தால் கல்லூரியில் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கவும். மாணவிக்கு அந்த அறைக்குள் தனியாகப் போகத் தயக்கம் இருந்தால், முதல் முறை மட்டும் தன்னார்வலர் ஒருவர் உடன் செல்லலாம்.

நன்றி, வணக்கம்.