தென்னைக்கு ஏழு வருசம்

வணக்கம் நேயர்களே.

இன்றைக்கு ஒரு மூன்று நிமிடப் பேச்சைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அது என்னுடைய பேச்சில்லை. உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையின் பேச்சு. மட்டக்களப்பில் சில பாடசாலைகள் சேர்ந்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மாதிரி ஒரு சபை நடத்துகின்றன. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு கொடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு விழுந்தது பாகிஸ்தான். காலநிலை மாற்றத்தால் ஏழை நாடுகளுக்கு வருகிற இழப்புக்கும் சேதத்துக்கும் பணக்கார நாடுகள் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது தீர்மானம். அதை அவள் ஆதரித்துப் பேச வேண்டும். நான் முப்பது வருசம் புவியியல் படிப்பித்தவன் என்பதால், எழுதினதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

முதலில் எழுதியிருந்தது இப்படி: "எங்கள் நாடு வறிய நாடு, வெள்ளத்தால் துன்பப்படுகிறோம், தயவுசெய்து உதவுங்கள்." வாசித்துவிட்டுச் சொன்னேன், "மகள், இது உதவி கேட்கிற பேச்சு. தீர்மானத்தில இருக்கிற சொல் நட்டஈடு."

நேயர்களே, வயல் செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் சொல்லித்தரத் தேவையில்லை. மேல்வயல்காரர் தன்னுடைய வசதிக்கு வரம்பை வெட்டிவிடுகிறார். தண்ணீர் முழுவதும் உங்கள் வயலில் இறங்கி, குடலைப் பருவத்துப் பயிர் அழுகிப் போகிறது. நீங்கள் அவரிடம் போய் உதவியா கேட்பீர்கள்? அழிந்ததற்குக் கணக்குக் கேட்பீர்கள். அவர் "பாவம், கைமாற்றாக ஐம்பதாயிரம் தாறேன், வட்டியோட திருப்பித் தா" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? உலகத்தில் இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். இதற்குத் திரும்பவும் வருகிறேன்.

பிள்ளை அடுத்ததாக ஒன்று கேட்டாள். "சேர், இழப்பு, சேதம் எண்டு ரெண்டு சொல் எதுக்கு? ரெண்டும் ஒண்டுதானே?"

அதற்கு நான் 78ஆம் ஆண்டுச் சூறாவளியைச் சொன்னேன். வயதானவர்கள் இப்போது தலையாட்டுவீர்கள். 1978 நவம்பர் 23. எனக்குப் பன்னிரண்டு வயது. களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே கடற்கரைப் பக்கம் அம்மம்மாவின் வளவு. இரவு முழுவதும் கதவுக்குப் பின்னால் உரலை வைத்து அண்டை கொடுத்துக்கொண்டு இருந்தோம். காற்று ஒருமுறை நின்று, பிறகு மறுபக்கத்திலிருந்து திரும்பி அடித்தது. விடிய வெளியே வந்தால், நாற்பது தென்னையில் நின்றது மூன்று. மற்றவை எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. கூரை இல்லை. கிணற்றுக்குள் கிடுகும் ஓலையும். அப்பா ஓட்டுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடத் தொடங்கினார். அம்மம்மா கூரையைப் பார்க்கவே இல்லை. விழுந்த மரம் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னா, "மனே, கூரைய ஒரு மாசத்தில கட்டலாம். தென்னைக்கு ஏழு வருசம்."

கணக்கைப் பாருங்கள். எங்கள் பக்கத்து நெட்டைத் தென்னை ஒன்று வருசத்துக்கு ஐம்பது காய் தரும் என்று வைப்போம். விழுந்தது முப்பத்தேழு மரம், வருசத்துக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது காய். கன்று வைத்துக் காய்க்க ஆறு ஏழு வருசம் போகும். ஏழு வருசமென்றால் ஏறக்குறைய பதின்மூவாயிரம் தேங்காய். அந்தத் தேங்காயில்தான் எண்ணெய், கிடுகு, கயிறு, சித்தியின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம். நிவாரண அரிசியும் மாவும் சில கிழமை வந்தன. கூரைக்குத் தகரம் வந்தது. வராமல் போன பதின்மூவாயிரம் தேங்காயை எவரும் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. மரம் விழுந்தது சேதம். அதற்குப் பிறகு விழாத தேங்காய்தான் இழப்பு. சித்தி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டா. அதை எழுதுவதற்குக் கட்டமே இல்லை.

பிள்ளை உடனே, "சேர், இதையே தொடக்கமா வைக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். 78 சூறாவளி காலநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்ல எங்களிடம் சான்று கிடையாது. எதிர்த்தரப்பு அந்த இடத்தில் பிடித்தால் மீதிப் பேச்சும் விழுந்துவிடும். தென்னை உனக்கு விளங்குவதற்கு. சபைக்குப் பாகிஸ்தானைச் சொல்லு.

அவள் எழுதி முடித்த பேச்சை இப்போது வாசிக்கிறேன். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் வாசிக்கிறேன்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, 2022இல் எங்கள் நாட்டின் வெள்ளம் மூன்று கோடி முப்பது இலட்சம் மக்களைப் பாதித்தது. ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிந்து மாகாணத்தில் வெள்ளம் வந்த வேகத்தில் வடியவில்லை. பருத்தி நின்ற நிலத்தில் மாதக்கணக்காக நீர் நின்றது. எங்கள் அரசும் உலக வங்கியும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து கணக்கெடுத்தன. இடிந்தவற்றின் சேதம் 14.9 பில்லியன் டொலர். விளையாமலும் உழைக்க முடியாமலும் போன இழப்பு 15.2 பில்லியன் டொலர். கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு பெரியது. உலகம் வெளிவிடும் வெப்ப வாயுக்களில் எங்கள் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் எங்களுக்கு ஒன்பது பில்லியன் டொலருக்கு மேல் வாக்குத் தந்தீர்கள். நன்றி. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு கடன். எங்கள் வயலை அழித்த வெள்ளத்துக்கு நாங்களே வட்டி கட்டுகிறோம். கடனை நட்டஈடு என்று எழுதாதீர்கள் என்பதே இந்தச் சபையிடம் எங்கள் கோரிக்கை."

பேச்சு அவ்வளவுதான்.

அந்தத் தென்னைக் கணக்கு பில்லியனுக்குள்ளும் இருப்பதைக் கவனித்தீர்களா? சேதம் 14.9, இழப்பு 15.2. அம்மம்மா சொன்னதுதான்.

இப்போது எதிர்த்தரப்பு என்ன கேட்கும்? முதல் கேள்வி, "பாகிஸ்தானில் எப்போதும் பருவமழை பெய்கிறதே, எங்கள் புகைக்கும் அதற்கும் என்ன?" இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்லக்கூடாது. மழையை ஆராய்ந்த உலக விஞ்ஞானிகள் குழு ஒன்று, சிந்து, பலுச்சிஸ்தான் மாகாணங்களில் ஐந்து நாளில் கொட்டிய உச்ச மழை, பூமி சூடாகாமல் இருந்திருந்தால் பெய்திருக்கக்கூடியதைவிட ஏறக்குறைய 75 வீதம் கூடுதல் என்று கண்டது. அதே குழு இன்னொன்றையும் சொன்னது. முழுச் சிந்து நதிப் படுகையிலும் இரண்டு மாத மழையை எடுத்தால், எவ்வளவு பங்கு என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளம் பாயும் நிலத்தில் வீடு கட்டியதும், வடிகால் சரியில்லாததும் சேதத்தைக் கூட்டின என்றும் சொன்னது.

பிள்ளை அதை ஒளிக்கப் பார்த்தாள். ஒளிக்காதே, நீயே முந்திச் சொல்லு என்றேன். "எங்கள் குறையும் உண்டு, அதை நாங்கள் சுமக்கிறோம். கூடின மழைக்குரிய பங்கைத்தான் உங்களிடம் கேட்கிறோம்." மேல்வயல்காரரிடம் போகிறவர், தன் வாய்க்கால் தூர்ந்து கிடந்ததையும் ஒத்துக்கொண்டு பேசினால் அவருடைய சொல்லுக்குத்தான் எடை.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கடினம். "அதற்குத்தான் ஒரு நிதியம் இருக்கிறதே?" இருக்கிறது. 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் ஒத்துக்கொண்டார்கள். 2023 நவம்பர் 30, துபாய் மாநாட்டின் முதல் நாளே அதற்கு உருவம் கொடுத்தார்கள். அந்த மாநாட்டில் எல்லா நாடுகளும் சேர்ந்து வாக்களித்த தொகை சுமார் 700 மில்லியன் டொலர். ஐக்கிய அரபு அமீரகமும் ஜெர்மனியும் ஆளுக்கு 100 மில்லியன். அமெரிக்கா 17.5 மில்லியன். இந்தப் பில்லியன், மில்லியன் காதுக்குள் நிற்காது, ஆகவே ரூபாவாக மாற்றிச் சொல்கிறேன். பாகிஸ்தானுக்கு மட்டும் ஒரு வெள்ளத்தில் முப்பது ரூபா நட்டம் என்றால், உலகம் முழுவதற்குமாகப் பெட்டியில் விழுந்தது எழுபது சதம். அதுவும் அவரவர் விரும்பிப் போட்டது. இவ்வளவு போட வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த அந்த நிதியத்தில் விதி இல்லை.

ஏன் விதி இல்லை? 2015 பாரிஸ் உடன்படிக்கையில் எட்டாவது உறுப்புரை இழப்பையும் சேதத்தையும் பற்றியது. அதனோடு சேர்த்து எடுத்த தீர்மானத்தின் 51ஆவது பந்தியில், இந்த உறுப்புரை பொறுப்பேற்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று எழுதிவிட்டார்கள். நட்டஈடு என்ற சொல்லைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் பணக்கார நாடுகள் கையெழுத்து வைத்தன. அதனால்தான் அந்த நிதியத்தின் பெயரிலும் அந்தச் சொல் இல்லை. இழப்புக்கும் சேதத்துக்கும் "பதிலளிக்கும்" நிதியம் என்றுதான் பெயர். பிள்ளையின் முதல் வரைவில் நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்காகத்தான்.

இது பாகிஸ்தானின் கதை மட்டுமில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்து போனபிறகு சர்வதேச நாணய நிதியம் எங்கள் நாட்டுக்கு அவசரமாகக் கொடுத்த 206 மில்லியன் டொலரும் கடன்தான். ஏற்கெனவே கடனில் மூழ்கி எழும்பிய நாட்டுக்கு இன்னொரு கடன். திரும்பக் கட்டப்போவது நீங்களும் நானும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்குகிறது. வனுவாட்டுவைப் பற்றி ஆறுதலாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பசுபிக்கில் ஒரு சின்னத் தீவு நாடு. கடல்மட்டம் உயர்வதால் வரும் நட்டத்துக்குப் பணக்கார நாடுகள் பணம் போட்டு ஒரு காப்புறுதி நிதி வைக்க வேண்டும் என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் 1991இலேயே கேட்டது. எவரும் எடுக்கவில்லை. 2019இல் அந்தப் பகுதியின் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மாணவர்கள், சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அதைப் பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 2025 ஜூலை 23, ஹேக் நகரில் நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள். காலநிலைக் கடமையை மீறிய நாடு, நட்டஈடு உட்பட முழுப் பரிகாரம் செய்யவேண்டி வரலாம். ஆனால் மீறலுக்கும் நட்டத்துக்கும் நேரடியான, நிச்சயமான தொடர்பைக் காட்ட வேண்டும். இது ஆலோசனைக் கருத்து, கட்டாயத் தீர்ப்பில்லை. என்றாலும் கதவுக்கு வெளியே நிறுத்திய சொல்லை அந்த நீதிமன்றம் உள்ளே கூப்பிட்டிருக்கிறது.

பிள்ளை இதை எங்கே வைப்பது என்று இன்னும் யோசிக்கிறாள். மூன்று நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். மழைக் கணக்கைச் சொன்ன கையோடு வை என்று சொல்லியிருக்கிறேன், நேரடித் தொடர்பு என்பதற்குச் சான்று அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை பேசுகிறாள்.

வணக்கம்.