யுரேனியம் விட்டுச்சென்ற விகிதம்

(கோட்டூர்புரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கே உலையிலிருந்து எடுத்த யுரேனியம் எரிபொருளை உடனே நீர்த்தொட்டியில் அமிழ்த்திவிடுகிறார்கள். அணுக்கருப் பிளவு நின்ற பிறகும் அது ஏன் சுடுகிறது? இன்று அதைத்தான் விளக்கப்போகிறேன்.

அணுக்கருவில் ஒரு புரோட்டான் மற்ற எல்லாப் புரோட்டான்களையும் விலக்குகிறது. ஒட்டவைக்கும் வலுவிசையோ பக்கத்தில் இருப்பவற்றை மட்டுமே எட்டும். ஆகவே கரு பெருக்கப் பெருக்க, விலக்காமல் ஒட்டமட்டும் செய்யும் நியூட்ரான்கள் கூடுதலாகத் தேவை. ஆக்சிஜனுக்கு 8 புரோட்டானும் 8 நியூட்ரானும் போதும். ஈயம்-208க்கோ 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான், அதாவது ஒன்றுக்கு ஒன்றரைக்கும் சற்று மேல்.

அப்படியானால் நியூட்ரானை அள்ளிப் போட்டுக்கொண்டே போகலாமே என்று தோன்றும். முடியாது. இரண்டு அடுக்குமாடி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நியூட்ரான்களுக்கு, மற்றது புரோட்டான்களுக்கு. ஒரு நிலையில் இரண்டு பேருக்குமேல் இடமில்லை. நியூட்ரான் மிகுந்தால், புதிதாக வருவது உச்சி மாடிக்கு ஏறவேண்டும். எதிர்வீட்டில் கீழ்மாடி காலியாகக் கிடக்கும். அந்த நியூட்ரான் புரோட்டானாக மாறி அங்கே இறங்கிவிட்டால் ஆற்றல் மிச்சம். மாறும்போது ஓர் எலக்ட்ரானும் ஓர் ஆன்டிநியூட்ரினோவும் வெளியேறுகின்றன. இதுவே பீட்டா சிதைவு; அதில் வெளிப்படும் ஆற்றல்தான் எரிபொருளைச் சுடவைக்கிறது.

இப்போது உலைக்கு வருவோம். யுரேனியம்-235இல் 92 புரோட்டான், 143 நியூட்ரான்; விகிதம் 1.55. அது ஒரு நியூட்ரானை விழுங்கிப் பிளக்கும்போது, ஒரு வகைப் பிளவில் செனான்-140உம் ஸ்ட்ரான்ஷியம்-94உம் இரண்டு நியூட்ரான்களும் கிடைக்கின்றன. செனான்-140இல் 54 புரோட்டானுக்கு 86 நியூட்ரான், விகிதம் 1.59. நடுத்தர எடையுள்ள கருவுக்கு இது மிக அதிகம். பெரிய கருவின் விகிதத்தைச் சிறிய கரு சுமந்து நிற்கிறது.

சுமையை அது ஒவ்வொன்றாக இறக்குகிறது. பாதிக் கருக்கள் மாற எடுக்கும் நேரமே அரைவாழ்வு. 14 விநாடி அரைவாழ்வில் சீசியம்-140. ஏறக்குறைய ஒரு நிமிட அரைவாழ்வில் பேரியம்-140. பேரியத்துக்கு அரைவாழ்வு 13 நாள். விகிதம் இறங்க இறங்க அவசரம் குறைவதைப் பாருங்கள்! அடுத்தது லாந்தனம்-140. அது இன்னும் நிதானமாக இருக்கவேண்டும் அல்லவா? அதன் அரைவாழ்வு 40 மணிநேரம்தான்.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் விகிதம் மட்டும் போதாது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. லாந்தனத்தில் 57 புரோட்டான், 83 நியூட்ரான், இரண்டும் ஒற்றைப்படை. இரு பக்கமும் துணையில்லாமல் ஒன்று மிஞ்சுகிறது. ஒரே ஒரு மாற்றத்தில் 58உம் 82உம் ஆகி எல்லாமே இணை சேர்ந்துவிடும். அப்படிக் கிடைக்கும் சீரியம்-140, விகிதம் 1.41, நிலையாக நின்றுவிடுகிறது.

எல்லாத் தொடர்களும் இவ்வளவு விரைவாக முடிவதில்லை. சீசியம்-137 நிலையான பேரியம்-137ஐ அடைய ஒரே ஒரு நியூட்ரான்தான் மாறவேண்டும். அதற்கு அரைவாழ்வு 30 ஆண்டு. விகிதம் கரு எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்லும். எப்போது போய்ச் சேரும் என்பதைச் சொல்லாது. தொட்டியில் கிடக்கும் எரிபொருளின் சூடு முதல் சில நாட்களில் மளமளவென்று இறங்கி, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்வது இந்த இரு வகைக் கருக்களும் அதில் கலந்திருப்பதால்தான்.