மார்ச் 31 அன்று டாலர் என்ன ரேட்?

கேள்வி: சார், ஜனவரியில் அனுப்பிய சரக்குக்கு மே மாதம்தான் டாலர் வந்தது. பில் போட்ட அன்றைய ரேட் வேறு, பேங்க் கொடுத்த ரேட் வேறு. விற்பனைத் தொகையை மாற்றிவிடலாமா?

மாற்றக் கூடாது. நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், விற்பனை வேறு, வர வேண்டிய பாக்கி வேறு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். விற்பனை அன்றைய ரேட்டில் பதிவானதோடு முடிந்தது. அதன் பிறகு ரேட் ஏறினாலும் இறங்கினாலும் ஆடுவது பாக்கிதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், பணம் வரும்போதெல்லாம் விற்பனைக் கணக்கையே திருத்தி வைத்திருந்தார்கள். வருடக் கடைசியில் ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிட உட்கார்ந்தால், எது ரேட் வித்தியாசம், எது நிஜமான தப்பு என்று பிரிக்கவே முடியவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது இல்லை. ஜனவரிக்கும் மேக்கும் நடுவில் மார்ச் 31 வந்ததே, அன்று என்ன செய்தீர்கள்?

20,000 டாலர் பில் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் ரேட் 83 ரூபாய் என்றால் விற்பனை 16,60,000. மார்ச் 31 அன்று ரேட் 84. அப்போது பாக்கியை 16,80,000 ஆக்க வேண்டும், கூடிய 20,000 அந்த வருடத்து லாபம். மே மாதம் பேங்க் 83.50க்கு எடுத்தால் 16,70,000, அதாவது புது வருடத்தில் 10,000 நட்டம். பலர் மார்ச்சைத் தாண்டிக் குதித்து, மே மாதம் 10,000 லாபம் என்று ஒரே என்ட்ரி போட்டுவிடுகிறார்கள். கூட்டிக் கழித்தால் சரிதான், ஆனால் இரண்டு வருடக் கணக்குமே தப்பு.

கைக்கு வராத பணத்துக்கு லாபமா, அதற்கு வரியுமா என்று உடனே கேட்பீர்கள். ஆமாம். கணக்கியல் தரநிலை 11 சொல்வது அதுதான், இந்த மாதிரி பாக்கிக்கு வருமான வரியிலும் அப்படித்தான். மார்ச்சில் ரேட் இறங்கியிருந்தால் நட்டத்தையும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் யாரும் கேட்பதில்லை! பார்வர்டு போட்டவர்களுக்குக் கணக்கு வேறு, அதை இதில் கலக்க வேண்டாம்.

அப்புறம், வழியில் பேங்க்குகள் 40 டாலர் பிடித்துக்கொண்டு 19,960 டாலர்தான் வந்தது என்றால், குறையும் 3,340 ரூபாய் பேங்க் சார்ஜ். அதைப் போய் ரேட் நட்டத்தில் சேர்த்தால், ரேட்டால் எவ்வளவு போனது என்பதே தெரியாது.

டேலியில் டாலரிலேயே பில் போடுகிறவர்கள் மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து பாருங்கள். Unadjusted Forex Gain/Loss என்று ஒரு வரி நின்றால், வித்தியாசத்துக்கு இன்னும் ஜர்னல் போடவில்லை என்று அர்த்தம். ஆடிட்டர் வருவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.