ஓட்டத்துக்கு முன் ஒரு கோப்பி: எப்போது, எவ்வளவு?

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சிப் பக்கம் விடிய எழும்பி ஓடுகிறவர்களோடு நானும் பல வருடமாக ஓடி வருகிறேன். ஏ9 வீதியில் பரந்தன் பக்கமாகப் போவோம், சில நாள் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போவோம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, ஓட முதல் கோப்பி குடிக்கலாமா?" குடிக்கலாம். எப்போது, எவ்வளவு என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். "களைச்சுப் போனேன்" என்று நமக்குச் சொல்வது அதுதான். கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன் அது போய் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அதே வேகம் கொஞ்சம் இலகுவாகத் தெரியும். புதிதாகப் பலம் ஒன்றும் வருவதில்லை. நீண்ட ஓட்டங்களில் கிடைக்கும் இலாபம் பெரும்பாலும் 2, 3 வீதம். பத்துக் கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நன்றாகப் பயிற்சி செய்தவருக்கு அது பெரிய விஷயம். பயிற்சியே செய்யாதவரை அது காப்பாற்றாது.

அளவுக்கு வருவோம். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன். 6 வரை போகலாம், ஆனால் 3இலேயே பெரும்பாலானோருக்குப் பலன் தெரியும். 60 கிலோ இளைஞருக்கு 180 மில்லிகிராம். சுடுதண்ணீரில் கரையும் கோப்பித்தூள் ஒரு தேக்கரண்டி நிறைய, அதாவது 2 கிராம் அளவு, ஏறக்குறைய 60 மில்லிகிராம் தரும். ஆக மூன்று கரண்டி. வெறுந்தேத்தண்ணி என்றால் ஒரு கோப்பைக்கு 40 அளவில்தான் வரும். நாலைந்து கோப்பை குடித்துவிட்டு யார் ஓடுவது? வீட்டில் மல்லி, வேர்க்கொம்பு சேர்த்து இடித்த கோப்பி இருக்கிறதே, அது நல்ல சுவை, ஆனால் பாதிக்கு மேல் மல்லி. அதில் எவ்வளவு கஃபீன் என்று கணக்குப் போட முடியாது. போட்டி நாளில் அதை நம்பாதீர்கள்.

நேரம்? ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பு. குடித்த 45 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் அது உச்சத்துக்கு வரும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். தொடங்கும் கோட்டில் நின்று குடித்துவிட்டு 5 கிலோமீற்றர் ஓடினால், கோப்பி வேலை செய்ய முதலே ஓட்டம் முடிந்துவிடும்.

இங்கே ஒரு கதையைச் சொல்லத்தான் வேண்டும். எங்களோடு ஓடும் ஒரு தம்பி, சரியாக 60 கிலோ. வீதி ஓட்டப் போட்டி ஒன்று, விடிய 6 மணிக்குத் தொடக்கம் என்றார்கள். 5 மணிக்கு மூன்று கரண்டி போட்டுக் குடித்தார். எல்லாம் சரி. ஆனால் பிரதம விருந்தினர் வரவில்லை. 6 போனது, 6.45 ஆனது. தம்பிக்குப் பயம், குடித்தது இறங்கிப் போயிருக்கும் என்று. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இன்னொரு மூன்று கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தார். 7.10க்கு விசில். நான் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்றேன். நாலாவது கிலோமீற்றரில் வந்தவருக்குக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் அப்படி நடுங்கின. நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலக்குகிறது என்றார். வீதியோரப் பற்றைக்குள் ஒருமுறை போய்த்தான் மிச்சத்தை ஓடி முடித்தார்.

அந்த இரண்டாவது கோப்பை தேவையே இல்லை. உடம்பில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே பெரும்பாலானோருக்கு ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும். 5 மணிக்குக் குடித்தது 7.10க்கும் பெரும்பகுதி அப்படியே இருந்திருக்கும். திரும்பவும் சொல்கிறேன்: போட்டி ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது, மேலே ஊற்றாதீர்கள். அவர் குடித்தது மொத்தம் 360, கிலோவுக்கு 6. அது மேல் எல்லை. பழக்கமில்லாத உடம்பு தாங்கவில்லை. அதனால்தான் முதல் பரீட்சை போட்டி நாளில் வேண்டாம், ஒரு சாதாரண ஞாயிறு நீள ஓட்டத்தில் செய்து பாருங்கள். நடுக்கம் வந்தால் அடுத்தமுறை ஒரு கரண்டி குறையுங்கள். ஒரே கோப்பி ஒருவருக்கு நன்றாகப் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மாலைப் பயிற்சி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் நிற்கும். நித்திரை கெட்டால் அடுத்த நாள் ஓட்டம் கெடும், ஆகவே மாலையில் கோப்பி இல்லாமலே ஓடுங்கள். அப்புறம், நான் சொன்ன கணக்கு வளர்ந்தவர்களுக்கு மட்டும். பாடசாலை மரதனுக்குப் பிள்ளைகளுக்குக் கோப்பி கரைத்துக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும், நெஞ்சு படபடப்போ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். வணக்கம்.