மிதித்த சாக்கும் சொல்லத் தெரியாத வாயும்

வணக்கம் நேயர்களே. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து வாட்டி முடிப்பது வரை என் பொறுப்பு. இன்று பேசப்போவது தேயிலையைப் பற்றி அல்ல. கூட வேலை செய்கிற ஒருவர் செய்த ஒன்று நமக்குச் சிக்கலாகிவிட்டது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி. ஆனால் எனக்குத் தெரிந்த உதாரணமெல்லாம் கொழுந்துச் சாக்குக்குள்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை. தராசு சரியாகக் காட்டவில்லை என்று சொன்னதால் நான் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. அந்த மலையின் வெளிக்கள உத்தியோகத்தர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு சாக்கில் கொழுந்தைப் போட்டு, காலால் மிதித்து அமுக்கி, மேலும் போட்டுக் கட்டினார். அப்படியே அடுத்த சாக்கும். வழக்கமாக இருபத்தெட்டுச் சாக்கில் போகும் 420 கிலோ, அன்று பத்தொன்பது சாக்கில் ஏறிவிட்டது. சாக்குக்கு 15 கிலோ இருக்க வேண்டியது 22 கிலோ.

தேயிலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும், அதனால் சூடு வரும். தளர்வாகப் போட்டால் காற்றுப் பட்டு அந்தச் சூடு வெளியே போய்விடும். அமுக்கிக் கட்டினால் உள்ளேயே தங்கும். நசுங்கிய இலை, அதைச் சுருட்டும் ரோலருக்குப் போவதற்கு முன்னாலேயே சிவக்கத் தொடங்கிவிடும். அன்று லொறி தொழிற்சாலைக்கு வந்தபோது ஆறு சாக்கின் நடுவில் கை வைத்தால் சுட்டது. வாட்டும் தட்டில் பரப்பிய பிறகு சிவந்த இலையைப் பொறுக்கி எடுக்க இரண்டு பேரை ஒரு மணிநேரம் உட்கார வைத்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை எடுத்து, "அண்ணே, நீங்க எப்பவும் இப்படித்தான். கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?" என்றேன். அவர், "யாரைப் பாத்துப் பொறுப்பில்லேங்குற? நீ பொறக்கிறதுக்கு முந்தியே மலையில நின்னவன் நான்" என்றார். கணக்குப் பார்த்தால் அது உண்மையில்லை. ஆனால் நான் சொன்னதும் உண்மையில்லையே. தொலைபேசியை வைத்தபோது அந்தப் பேச்சில் சாக்கு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை என்பது புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் தலைமையகம் உள்ள சென்டர் ஃபோர் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற நிறுவனம் உருவாக்கிய முறை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். சூழல், நடத்தை, தாக்கம் என்று மூன்று படி. எப்போது, எங்கே நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பது இரண்டாவது. அதனால் நமக்கோ வேலைக்கோ என்ன ஆயிற்று என்பது மூன்றாவது. எழுதி எடுத்து, குறிப்புப் புத்தகத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அன்று இரவு திறந்தேன்.

முதல் படி சுலபம். "நேற்று, புதன்கிழமை, பகல் நிறுவையில், மடுவத்தில்." அவ்வளவுதான். "எப்பவும்", "ஒருநாளும்" என்ற சொற்கள் அங்கே ஏற முடியாது. எப்பவும் என்று சொன்ன மறு விநாடி, எதிரில் இருப்பவர் அப்படிச் செய்யாத ஒரு நாளைத் தேடத் தொடங்கிவிடுவார். நிச்சயம் கண்டுபிடித்தும் விடுவார்.

இரண்டாவது படியில்தான் கால் வழுக்கும். நாம் நடத்தை என்று நினைத்துச் சொல்வது பெரும்பாலும் தீர்ப்பாக இருக்கும். "அவசரப்பட்டீங்க", "அக்கறையில்லாம நடந்துகிட்டீங்க". வினைச்சொல் மாதிரித் தெரிகிறது, ஆனால் அவசரத்தை யார் கண்ணால் பார்த்தது? பக்கத்தில் நின்ற லொறிச் சாரதியிடம் "நீ என்ன பாத்த?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "காலால மிதிச்சாரு, மேல போட்டுக் கட்டினாரு" என்பார். அதுதான் நடத்தை. நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சொல்லப்போகும் வாக்கியம் எப்படி முடிகிறது என்று பார்ப்பேன். "ஆள்", "குணம்", "பழக்கம்" என்று முடிந்தால் அடித்துவிடுவேன். "மிதிச்சாராம்", "சொன்னாராம்" என்று முடிந்தாலும் அடித்துவிடுவேன். அந்த "ஆம்" இருக்கிறதே, அது நான் பார்க்கவில்லை, வேறொருவர் சொல்லி வந்தது என்று காட்டிக் கொடுத்துவிடும். கேள்விப்பட்டதை வைத்து இந்த முறையில் பேசவே முடியாது. "யாரு சொன்னது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும், பேச்சு அந்த ஆளைத் தேடிப் போய்விடும். நான் அன்று மடுவத்தில் நின்றது என் அதிர்ஷ்டம்.

மூன்றாவது படியில் வேறொரு ஆசை வரும். கொஞ்சம் ஊதிவிடலாமே என்று தோன்றும். "உங்களால அன்னைய தேயிலைக்கு விலையே போச்சு" என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எனக்கு அது தெரியாது. அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய் விலை தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எத்தனையோ மலைக் கொழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும். ஆறு சாக்கு சுட்டது, இரண்டு பேருக்கு ஒரு மணிநேரம் போனது. எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சேர்க்கலாம், அதை யாரும் மறுக்க முடியாது.

வியாழக்கிழமை மாலை போனேன். இடம் முக்கியம். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்திலோ மடுவத்திலோ பேசினால் அத்தனை காதும் இங்கேதான் இருக்கும், லயத்துக்கு நம்மை முந்திச் செய்தி போய்விடும். அதனால் ரோட்டோரமாக நடந்துகொண்டே பேசினோம். முதலில் தொலைபேசியில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் சொன்னேன்: "அண்ணே, நேத்துப் பகல் நிறுவையில சாக்கைக் காலால மிதிச்சு, மேல போட்டுக் கட்டினீங்க. 420 கிலோ பத்தொன்பது சாக்குல வந்துச்சு. பெக்டரியில பாத்தா ஆறு சாக்கு நடுவில சுட்டுச்சு. செவந்ததப் பொறுக்க ரெண்டு பேர ஒரு மணிநேரம் ஒக்கார வெச்சேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கே "அதனால இனிமே நீங்க" என்று தொடங்கினால் மறுபடி அதிகாரி ஆகிவிடுவோம். மூன்று படிக்குப் பிறகு நான்காவதாக ஒரு கேள்வியையும் அந்த நிறுவனத்தார் சேர்த்திருக்கிறார்கள். அவர் என்ன நினைத்து அதைச் செய்தார் என்று கேட்பது. தாக்கம் நமக்குத் தெரியும், எண்ணம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் தமிழில் "ஏன்?" என்று கேட்டால் அது விசாரணை. "ஏன் மிதிச்சீங்க?" என்பது கேள்வி மாதிரியா இருக்கிறது? நான், "அப்ப என்ன நிலைமை அண்ணே?" என்று கேட்டேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, காலையில லொறியில காலிச் சாக்கு பத்தொன்பதுதான் வந்துச்சு. வானம் இருட்டிக்கிட்டு நிக்குது. மிச்சக் கொழுந்த நான் எங்க கொட்டுறது?"

மிச்ச ஒன்பது சாக்கும் எங்கே இருந்தன தெரியுமா? தொழிற்சாலைக்குப் பின்னால், கழுவிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. என் பிரிவில். என் ஆட்கள். மலைக்குத் திருப்பி அனுப்பியதை எண்ணிப் பார்க்க வேண்டியவன் நான்.

அந்தப் புதன்கிழமை நான் பேசியதைத் தொடர்ந்திருந்தால் இந்த ஒன்பது சாக்கு ஒருநாளும் வெளியே வந்திருக்காது. பொறுப்பு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேரும் ஓய்வூதியம் வரை சண்டை போட்டிருப்போம். மறுநாளிலிருந்து லொறிச் சாரதியிடம் காலிச் சாக்கின் எண்ணிக்கையைத் துண்டில் எழுதிக் கொடுத்தோம். இது அந்த மூன்று படி கொடுத்த தீர்வு அல்ல. அந்த முறை தீர்வு எதையும் சொல்லாது, என்ன நடந்தது என்பதை மேசை மேல் வைக்கும், அவ்வளவுதான்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் குடித்துவிட்டு ரோலர் பக்கத்தில் நின்றால், வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் கை நீட்டினால், சூழல், நடத்தை என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கக் கூடாது. நேரே மேலிடத்துக்குப் போக வேண்டும். அதேபோல, ஒரு தொழிலாளி தன் தொரையிடம் இப்படிப் பேசலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. வாக்கியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கேட்பவர் கையில் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், இருக்கிறது. நான் சொல்வது ஏறத்தாழச் சமமாக இருக்கும் இரண்டு பேருக்கு.

இன்னொன்று. இதைக் குறை சொல்ல மட்டும் எடுத்தால், நீங்கள் "நேத்துப் பகல்" என்று தொடங்கும்போதே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மழையில் லொறி பிந்திவிட்டது. அந்த அண்ணன் கொழுந்தைச் சாக்கில் கட்டாமல் மடுவத்தில் படங்கை விரித்துப் பரப்பி வைத்து, லொறி வந்த பிறகுதான் கட்ட வைத்திருந்தார். ஒரு சாக்குகூடச் சுடவில்லை. பொறுக்க ஆள் போட வேண்டியதும் வரவில்லை. "நல்ல வேலை செஞ்சீங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், நாள், செய்த காரியம், கிடைத்த பலன் மூன்றையும் அதே மாதிரி போய்ச் சொன்னேன். "இதச் சொல்லவா இம்புட்டு தூரம் ஏறி வந்தீங்க?" என்று சிரித்தார்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சரி, நானும் ஒண்ணு சொல்றேன் தம்பி. அன்னைக்கு லொறி பிந்துதுன்னு உங்களுக்குப் போன் எடுத்தேன். நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே வெச்சிட்டீங்க. அப்புறம் மூணு தடவ எடுத்தேன், நீங்க எடுக்கல. லொறி வருதா இல்லையான்னு தெரியாம, பொம்பளயாளுகள வீட்டுக்கு அனுப்பவும் முடியல, நிக்க வெக்கவும் முடியல. அரை மணிநேரம் நனைஞ்சாங்க. அப்ப என்ன நிலைமை?"

அவர் அந்த வகுப்புக்கு வந்தவரில்லை. பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நன்றி, வணக்கம்.