தார் போல மலம் போனால்

மூட்டை தூக்கும் அண்ணன்மார்களுக்கும், கூட வந்திருக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். குடியும் வயிறும் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வயது 42. உங்களைப் போல லோடு இறக்குகிறவர். சாயங்காலம் வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டர். காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார். நெஞ்சு எரிந்தால் ரோஸ் கலர் மருந்து இரண்டு மூடி. மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒருநாள் மலம் கறுப்பாகப் போனது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். மூன்றாம் நாள் காலையில் எழுந்தவர் கண் இருட்டி விழுந்துவிட்டார்.

வரும்போது கை சில்லிட்டிருந்தது. நாடி 120, பிரஷர் 90. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் காகிதம் போல வெளுப்பு. ரத்தத்தின் அளவைக் காட்டும் ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டே, வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்தோம். இரைப்பையில் கட்டைவிரல் நக அளவுக்குப் புண், அதன் நடுவில் கசியும் ரத்தக்குழாய். அதைச் சின்ன கிளிப் போட்டு அடைத்தோம்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் இரைப்பையையே அரிக்காமல் காப்பது உள்ளே இருக்கும் வழவழப்பான பூச்சுதான். சாராயம் அந்தப் பூச்சைக் கெடுக்கிறது. அமிலம் உள்ளே இறங்கி, சுவர் சிவந்து வீங்குகிறது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையோ, பூச்சு புதிதாக ஊறுவதையே குறைத்துவிடும். அது ரத்தம் வழியாகவும் வேலை செய்வதால், சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து போகாது. இவருக்கு எச். பைலோரி கிருமியும் இருந்தது. புண்ணுக்குப் பெரும்பாலும் கிருமியும் மாத்திரையும்தான் காரணம். மேலே குடியும் சேர்ந்தால் ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது.

வலி இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். வலி மாத்திரை புண்ணின் வலியையும் மறைத்துவிடும். அதனால் மலத்தைப் பாருங்கள். ரத்தம் குடல் வழியே இறங்குவதற்குள் கறுத்துவிடும். அரை டம்ளர் ரத்தம் போதும், மலம் தார் போல ஒட்டும், நாற்றம் தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் இந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது. வாந்தி காப்பித்தூள் கசடு போல இருந்தாலும் அது ரத்தம்தான். அப்போது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

அவர் மனைவி காலி மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு அது பெரிய உதவி. அப்புறம், தினமும் எவ்வளவு குடிப்பார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தினம் குடிப்பவருக்குத் திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், பிதற்றல் வரும், வலிப்பு கூட வரலாம். முன்பே தெரிந்ததால் அதற்கும் மருந்து கொடுத்துவிட்டோம். கிருமிக்கு 14 நாள் மாத்திரை. எட்டு வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி பார்த்தபோது புண் ஆறியிருந்தது.